மது வாடை

பாஸ்தோ நகரத்தில் பல் மருத்துவம் படிக்கிறவர்கள் நான்காம் ஆண்டில்தான் நோயாளியின் வாயில் கை வைப்பார்கள், அதுவும் ஜோடி ஜோடியாக. ஒருத்தி கருவி பிடிப்பாள், இன்னொருத்தி எச்சில் உறிஞ்சும் குழாயும் விளக்குமாகப் பக்கத்தில் நிற்பாள். மாரிசெல் ஹொஹோவாவுக்கு ஜோடி ஹிமேனா புர்பானோ. மாரிசெல்லின் கை அவ்வளவு நிதானமானது என்று பேராசிரியர்களே சொல்வார்கள். அவளிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள், பிடுங்கி முடிந்ததே தெரியாமல், எப்போது பிடுங்குவாள் என்று வாயைத் திறந்தபடியே காத்திருப்பார்களாம். அந்தப் பெருமையில் ஹிமேனாவுக்கும் பங்கிருந்தது. அதை அவள் கொஞ்சம் பொறாமையோடுதான் அனுபவித்தாள்.

நான்காம் ஆண்டின் கடைசியில் வந்த மாரிசெல்லின் பிறந்தநாளன்று, வகுப்பு முடிந்து அவள் முற்றத்துக்கு வந்ததும் கூட்டாளிகள் சூழ்ந்துகொண்டார்கள். தலையில் முட்டை உடைத்தார்கள், மாவு கொட்டினார்கள். அங்கே எல்லாருடைய பிறந்தநாளுக்கும் நடப்பதுதான். ஹிமேனா மட்டும் பையிலிருந்து அகுவார்தியெந்தே பாட்டிலை எடுத்தாள். சோம்பு மணக்கும் உள்ளூர்ச் சாராயம்.

"இவதான் வாயில ஊத்தினா குடிக்க மாட்டாளே, சாமியார் அம்மா. தலையாவது குடிக்கட்டும்" என்று சொல்லிப் பாட்டிலில் மிச்சமிருந்ததையெல்லாம் கவிழ்த்தாள்.

"அடியே, கண்ணு எரியுது, விடுடி" என்று சிரித்துக்கொண்டே மாரிசெல் ஓடினாள். தரையெல்லாம் முட்டை. கால் வழுக்கியது. விழாமலிருக்க வலது கையை நீட்டினாள். அங்கே அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக் கதவு இருந்தது.

கண்ணாடி உடைந்த சத்தத்துக்குப் பிறகும் இரண்டொருவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாவின்மேல் ரத்தம் விழுந்த பிறகு ஓய்ந்தார்கள். யேர்சன் போத்தினா என்ற பையன் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவள் கையில் சுற்றி, டாக்சியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனான்.

அது மாணவர் விபத்துக் காப்பீட்டுப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை. ஒவ்வொரு பருவமும் கல்லூரிக் கட்டணத்தோடு சேர்த்துப் பிடித்துவிடுகிற காப்பீடு அது. அட்டையைக் காட்டியதும் உள்ளே விட்டார்கள். உள்ளங்கையைத் தைத்தார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை.

"தசைநாண் ரெண்டும் அறுந்திருக்கு" என்றார் பணியில் இருந்த மருத்துவர். "கை அறுவை நிபுணர் பத்து நாளுக்குள்ள சேர்த்துத் தைச்சிட்டா நல்லா வந்துடும். காப்பீட்டுக் கம்பெனி அனுமதி குடுக்கட்டும். உயிருக்கு ஆபத்தில்ல, வீட்டுக்குப் போங்க."

அவர் தூங்கி ஒரு நாளுக்கு மேலாகியிருந்தது. அந்த வாரத்தில் குடித்துவிட்டு வந்த எத்தனையாவது மாணவியோ என்ற அலுப்பு முகத்தில் தெரிந்தது. கணினியில் தட்டினார்: 'நோயாளியிடம் கடுமையான மது வாடை.' ரத்தம் எடுத்துச் சோதிக்கவில்லை. சோதிக்கும்படி யாரும் கேட்கவுமில்லை.

மறுநாளே கம்பெனி அறுவைக்கு அனுமதி மறுத்தது.

மாணவர் நல அலுவலகத்தில் காப்பீட்டு வேலையைப் பார்ப்பவர் நூபியா; மரியாதைக்கு 'தோன்யா நூபியா' என்பார்கள். கம்பளிச் சால்வையும் மூக்குக்கண்ணாடியுமாக, கேள்வி கேட்டவனையே குற்றவாளியாக்கும் பார்வை அவருக்கு. மாரிசெல் போனபோது, குடல்வால் அறுத்துக்கொண்ட ஒரு பையன் ரசீதோடு நின்றிருந்தான்.

"தம்பி, இது விபத்துக் காப்பீடு" என்றார் நூபியா. "குடல்வால் உன்மேல வந்து மோதுச்சா? அது நோய். நோய்க்கெல்லாம் உன் பொது மருத்துவக் காப்புல போய்க் கேளு."

"விளையாடும்போதுதான் வலிச்சுது மேடம்."

"விளையாடும்போது பசிக்கும்கூடத்தான். கம்பெனி சோறு போடுமா?"

அவன் போனதும் மாரிசெல்லின் கட்டுப்போட்ட கையைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. கம்பெனியின் பதிலைத் திரையில் காட்டினார். "பாரு மகளே. பழைய காயம் சேராது. தானே பண்ணிக்கிட்டது சேராது. பந்தயம், நீயே தொடங்குன சண்டை எதுவும் சேராது. குடிபோதையில நடந்தது சேரவே சேராது. உன்னை இதுலதான் போட்டிருக்கான்."

"நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கல தோன்யா நூபியா. தலையில ஊத்தினாங்க."

"நான் நம்புறேன். நான் நம்பி என்ன? வாடைங்கறதும் போதைங்கறதும் ஒண்ணில்லன்னு எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். நீ குடிச்சிருந்தேன்னு நிரூபிக்க வேண்டியது அவன்தான். ஆனா அவன் கையில டாக்டர் எழுத்து இருக்கு. நம்ம கையில ஒண்ணுமில்ல. ஊத்துனதைப் பார்த்தவங்க கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வா. சீக்கிரம் வா. அறுந்த நாண் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

மாரிசெல் முதலில் மருத்துவரிடம் போனாள். "நான் மோந்ததை எழுதினேன். அதை அழிக்க முடியாது. நீ குடிக்கலன்னு சொல்றதா ஒரு குறிப்பு வேணா சேர்க்கிறேன்" என்றார் அவர். சேர்க்கவும் செய்தார். 'நோயாளி குடிக்கவில்லை என்கிறார்' என்ற அந்த வரி, எல்லாக் குடிகாரரும் சொல்வதைப் போலவே இருந்தது.

பிறகு ஹிமேனாவிடம் போனாள். ஹிமேனா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இதுகூடச் செய்ய மாட்டேனாடி? நாளைக்கே எழுதித் தரேன்" என்றாள்.

அந்த நாளை வரவில்லை. வளாகத்துக்குள் சாராயம் கொண்டுவந்தவரை ஓராண்டு நீக்கலாம் என்று கல்லூரி விதி இருந்தது. ஹிமேனா உதவித்தொகையில் படிப்பவள். நீக்கினால் அதுவும் போகும். போனை எடுக்காமல் விட்டாள். முற்றத்தில் மாரிசெல்லைக் கண்டால் ஆய்வகத்துக்குள் நுழைந்துகொண்டாள். மற்றவர்களும் அப்படியே. ஒருத்தி எழுதினால் பாட்டில் யாருடையது என்று கேட்பார்கள், யாரெல்லாம் குடித்தார்கள் என்று கேட்பார்கள். அன்று பலரும் அந்தப் பாட்டிலில் ஒரு வாய் குடித்திருந்தார்கள்.

இதற்கிடையில் கண்ணாடி உடைந்ததற்குக் கல்லூரித் தலைவர் விசாரணை வைத்தார். மேசைமேல் மருத்துவரின் குறிப்பு இருந்தது. மாரிசெல் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"ஊத்தினது யாரு?" என்றார் தலைவர்.

"ஹிமேனா."

ஹிமேனாவைக் கூப்பிட்டார்கள். அவள் மாரிசெல்லைப் பார்க்காமல் பேசினாள். "நான் அப்ப உள்ள இருந்தேன் சார். சத்தம் கேட்டுத்தான் வெளிய வந்தேன். மாவு போட்டாங்க, அது தெரியும். மத்தது தெரியாது. பாவம், இவளுக்கு அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சரியா நினைவிருக்காது."

யேர்சனைக் கேட்டார்கள். "நான் ரத்தத்தைத்தான் பார்த்தேன் சார். முன்னாடி நடந்தது ஞாபகமில்ல."

மாரிசெல் எதிரே இருந்தவர்களின் பத்து விரல்களும் மடங்கி விரிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையின் நிலையைப் பார்த்து இரக்கப்பட்டு நீக்கம் வேண்டாமென்று முடிவுசெய்தார்கள். வளாகத்தில் மது அருந்தியதற்காக எழுத்து மூலம் எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போகும்படி தலைவரின் செயலாளர் அவளுக்குச் சைகை காட்டினார். அவளும் சொன்னாள்.

கம்பெனி அந்த எச்சரிக்கையைக் கல்லூரியிடமே கேட்டு வாங்கியது. நூபியா மூலம் கேட்டிருந்த மறுபரிசீலனைக்குப் பதில் வந்தது: மாணவி மது அருந்தியதைக் கல்லூரியே உறுதிசெய்துள்ளதால் முடிவில் மாற்றமில்லை.

"உன் தலையில இவங்க இரக்கத்தையும் ஊத்திட்டாங்களே" என்றார் நூபியா.

மிச்சமிருந்தது பொது மருத்துவக் காப்பு. அங்கே பணம் கேட்கமாட்டார்கள், காத்திருக்கச் சொல்வார்கள். அம்மா ரோசால்பா, கத்தம்பூக்கோ என்ற ஊரில் கூய் என்கிற கினிப்பன்றியைச் சுட்டு விற்கிறவள், கடையை மூடிவிட்டு மகளோடு வரிசையில் நின்றாள். பொது மருத்துவர் நிபுணருக்கு எழுதினார், அனுமதிக்கு ஒரு கவுண்டர், தேதிக்கு இன்னொரு கவுண்டர். நிபுணர் கிடைத்தபோது வாரங்கள் பல கடந்திருந்தன.

அவர் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். "நாண் முனை ரெண்டும் சுருங்கி மேல ஏறிடுச்சு. இனி நேரா சேர்க்க முடியாது. வேற இடத்துலேருந்து நாண் எடுத்து ஒட்டணும், ரெண்டு தடவை அறுக்கணும். எவ்வளவு வளையும்னு சொல்ல முடியாதும்மா."

"இவ பல் டாக்டருக்குப் படிக்கிறா ஐயா" என்றாள் ரோசால்பா.

அவர் கை கழுவப் போய்விட்டார்.

முதல் அறுவை நடந்தது. இரண்டாவதற்குத் தேதி தள்ளிக்கொண்டே போனது. ஆள்காட்டி விரல் பாதி வளைந்தது, நடுவிரல் வளைய மறுத்தது. செய்முறை வகுப்பில் கருவி மூன்று முறை கையிலிருந்து நழுவி, மூன்றாம் முறை நோயாளியின் ஈறில் குத்தியது. அந்த நாற்காலியில் இப்போது ஹிமேனா கருவி பிடித்தாள், வேறொருத்தி குழாய் பிடித்தாள். அடுத்த பருவம் மாரிசெல் வணிக நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டாள். அதுவரை படித்ததில் மொழிப்பாடத்தையும் புள்ளியியலையும் மட்டும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

பழைய வகுப்பின் பட்டமளிப்பு முடிந்த வாரம் யேர்சன் அவளைத் தேடி வந்தான். கத்தம்பூக்கோ ஊரில், அம்மாவின் கடையில், புகை நடுவே உட்கார்ந்தான். சோளமும் உருளைக்கிழங்கும் வைத்த தட்டைத் தொடவில்லை. போனை நீட்டினான்.

அந்த முற்றம். மாவு. ஹிமேனாவின் குரல் தெளிவாகக் கேட்டது: "தலையாவது குடிக்கட்டும்." மாரிசெல் சிரித்துக்கொண்டு ஓடுகிறாள். கண்ணாடி.

"இது எப்பலேருந்து உன்கிட்ட இருக்கு?"

"அன்னையிலேருந்து. உனக்குத் தெரியாம பிறந்தநாள் ஏற்பாட்டுக்குன்னு போன்ல ஒரு குழு வச்சிருந்தோம். யாரோ வீடியோ எடுத்து அதுல போட்டாங்க. எல்லார்கிட்டயும் இருந்துச்சு. அழிக்கச் சொன்னா ஹிமேனா. நான் அழிக்கல."

"அழிக்காம?"

"வச்சிருந்தேன்." தலையைக் குனிந்துகொண்டான். "பட்டம் கையில வரட்டும்னு பார்த்தேன் மாரிசெல். இப்ப யாரும் என்னை ஒண்ணும் பண்ண முடியாது. நீ இதைக் கம்பெனிக்கு அனுப்பு."

அவள் அனுப்பினாள். நூபியா தானே கடிதம் எழுதினார். இந்த முறை கம்பெனி தாமதிக்கவில்லை. காணொளியின்படி விலக்கு பொருந்தாது, விபத்து ஏற்கப்படுகிறது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். நூபியா சத்தமாகப் படித்துக்கொண்டே வந்து, இரண்டாம் பத்தியில் நிறுத்தினார்.

"என்ன தோன்யா நூபியா?"

"மருத்துவச் செலவு விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள்ள ஆனதுக்கு மட்டும்தானாம். நீ அதுவரைக்கும் காசு எதுவும் கட்டல, பொதுக் காப்புல பார்த்துட்ட. இனிமே செய்யப்போற அறுவைக்கு வருஷம் தாண்டிடுச்சு."

"கை முடமானதுக்கு?"

"பட்டியல்ல விரல் போனா, இல்ல சுத்தமா செயல் இழந்தா குடுப்பான். உன் விரல் இருக்கு. பாதி வளையுது. பாதிக்குப் பட்டியல்ல இடமில்ல." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏத்துக்கிட்டான் மகளே. ஏத்துக்கிட்டு ஒண்ணும் இல்லங்கறான்."

அன்று சாயங்காலமே யேர்சனுக்குப் போன் செய்தாள்.

"கிடைச்சுதா?" என்று ஆவலாகக் கேட்டான் அவன்.

"நீ ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா கிடைச்சிருக்கும்."

அவன் பேசுமுன் அவளே தொடர்ந்தாள்.

"அந்தக் குழு இன்னும் இருக்கா?"

"இருக்கு. யாரும் பேசறதில்ல."

"என்னையும் அதுல சேர்த்துவிடு."

சேர்த்தான். குழுவின் பெயர் 'மாரிசெல்லுக்குத் தெரியாது.' அவள் இடது கையால் நிதானமாகத் தட்டினாள்: 'நான் மாரிசெல். வீடியோ பார்த்தேன். எல்லாரும் நல்லா இருக்கீங்களா?'

எல்லாரும் படித்துவிட்டதற்கான குறி வந்தது. பிறகு ஒருவர் வெளியேறினார். இன்னொருவர். பிறகு மளமளவென்று. ஹிமேனா வெளியேறுமுன் தனியே ஒரு செய்தி அனுப்பினாள்: 'திங்கக்கிழமை கிளினிக்ல சேருறேன்டி. தயவுசெஞ்சு என் பேரை எங்கயும் இழுக்காத. உனக்கு வேலை வேணும்னா சொல்லு, வரவேற்புல ஆள் தேடுறாங்க. அதுக்குக் கை வேண்டியதில்ல.'

ரோசால்பா கடைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். கூட்டம் சேர்ந்துவிட்டது, தட்டு எடுத்துப் போக ஆள் வேண்டும். மாரிசெல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். வலது முன்கையில் தட்டைத் தாங்கி, இடது கையால் பிடித்துக்கொண்டு, பசியோடு இருந்தவர்களிடம் போனாள்.