பசையிடம் விடைபெறுவது எப்படி

அலுவலகத்தில் அவனுக்குப் பசை என்று பெயர். "உங்க இன்டர்நெட்டும் வேணாம், நீங்களும் வேணாம், கனெக்‌ஷனைக் கட் பண்ணுங்க" என்று கொதித்துக்கொண்டு அழைக்கும் வாடிக்கையாளர்களைக் கட் பண்ண விடாமல் தங்கவைப்பதுதான் அந்த மாடியில் இருந்த எல்லோருக்கும் வேலை. மற்றவர்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள். பசையிடம் மாட்டியவர்களோ எதற்காக அழைத்தோம் என்பதையே மறந்துபோய், கூடுதல் வேகத்துக்கு மாறிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவனுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவள் டீச்சர். அதே நிறுவனத்தின் பக்கத்துக் கட்டடத்தில் புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள், அதனால் டீச்சர். முதலில் ஒத்துக்கொள், பிறகு காரணம் கேள், பிறகு ஏதாவது கொடு, பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திரு. இவ்வளவுதான் பாடம். மற்றவர்கள் நாலாவதில் சொதப்புவார்கள், பசைக்கு அதுதான் கைவந்த கலை.

ஐந்து வருடமாக இருவரும் பழகிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பேச்சை எடுத்தால் பசை மறுக்கவே மாட்டான், அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். "கண்டிப்பா, நீ சொல்றது ரொம்ப நியாயம், அடுத்த வருஷம் முடிச்சிரலாம்" என்பான். அக்கா பிரசவம் முடியட்டும், பதவி உயர்வு வரட்டும், வீட்டுக்கு வெள்ளையடிக்கட்டும் என்று அடுத்த வருடம் ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடமாகவே இருந்தது. டீச்சருக்கு முப்பத்து நாலு வயது. இப்போது வேறு ஊரில் நல்ல வேலை ஒன்று கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அவனை விட்டுப் போவது என்று முடிவும் செய்தாகிவிட்டது. முடிவு செய்வதில் அவளுக்கு எந்தச் சிரமமும் இல்லை, ஏற்கெனவே இரண்டு தடவை செய்திருக்கிறாள். சொல்லப்போய்த்தான் இரண்டு தடவையும் கோட்டை விட்டாள்.

முதல் தடவை போனில் சொன்னாள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணீர் தெரியாது, வேண்டியபோது வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். யாரிடம் போனில் பேசுகிறோம் என்பதை மட்டும் மறந்துவிட்டாள். அவன் ஒத்துக்கொண்டான், காரணம் கேட்டான், கடற்கரைக்கு ஒரு பயணம் கொடுத்தான், பிறகு மௌனமானான். அந்த மௌனத்தை அவளேதான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தாள், ஆனாலும் தாங்க முடியாமல் "சரி, எந்தக் கடற்கரை?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

இரண்டாம் தடவை நேரில். பெரிய மனிதர்கள் நேரில்தான் சொல்வார்கள், அதுதான் மரியாதை என்று தன்னைத் தானே உசுப்பேற்றிக்கொண்டு ஒரு டீக்கடைக்கு வரச்சொன்னாள். நேரில் சொல்வதில் ஒரு பெரிய சங்கடம், எதிராளி எதுவுமே சொல்லத் தேவையில்லை. பசை பிஸ்கட்டை டீயில் நனைத்தான். அவள் சொல்லி முடித்தபோது அது உடைந்து உள்ளே விழுந்தது. அவன் கரண்டி கேட்கக்கூடத் தோன்றாமல் குனிந்து டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். டீச்சர் எழுந்துபோய்க் கரண்டி வாங்கி வந்தாள். அன்று மாலை இருவரும் சினிமாவுக்குப் போனார்கள்.

ஆக, போனும் போச்சு, நேரும் போச்சு. பாக்கி இருப்பது மெசேஜும் கடிதமும்.

அவளோடு தங்கியிருந்த தங்கச்சி மெசேஜ் கட்சி. அவள் இந்த மாதிரி விஷயங்களில் கைதேர்ந்தவள், ஒருவனை இரண்டு வரியிலும் இன்னொருவனை கை அசைக்கும் ஒரு எமோஜியிலும் முடித்துவைத்தவள். ஆனால் டீச்சர் எழுத உட்கார்ந்தபோதுதான் மெசேஜின் லட்சணம் தெரிந்தது. இரண்டு வரியில் எழுதினால் வாடகை வீட்டைக் காலி செய்வது போல இருந்தது. நீளமாக எழுதினால், பாதியில் வெட்டி 'மேலும் படிக்க' என்று காட்டுகிறது, ஐந்து வருடத்தின் முடிவை அவன் அமுக்கித் திறக்க வேண்டும். அவன் பேருந்தில் இருக்கலாம், பல் துலக்கிக்கொண்டிருக்கலாம், எங்கே வைத்து வாசிப்பான் என்பது நம் கையில் இல்லை. குரலைப் பதிந்து அனுப்பலாம் என்றால் மூன்றாவது வாக்கியத்திலேயே நிறுத்தி அழித்துவிட்டாள்.

எல்லாவற்றையும்விட மோசம், அனுப்பிய பிறகு நடப்பது. டிக் நீலமாகும். 'டைப்பிங்' என்று வரும். நிற்கும். மறுபடி வரும். கடைசியில் அவன் ஒரே ஒரு கேள்விக்குறி அனுப்புவான். கேள்விக்குறிக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. பதில் சொன்னால் அது பேச்சு, பேச்சு என்று வந்துவிட்டால் பசைதான் ஜெயிப்பான்.

"அனுப்பிட்டு பிளாக் பண்ணிடு" என்றாள் தங்கச்சி.

அஞ்சு வருஷம் பழகினவனை அப்படிக் கதவைச் சாத்துவது தன்னால் ஆகாது என்றாள் டீச்சர். அவன் என்ன லோன் விற்கிறவனா?

கடிதம் என்ற எண்ணம் அவளுடைய தொழிலிலிருந்தே வந்தது. அவர்கள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. போனில் துண்டிக்கச் சொல்பவர்களை விடக் கூடாது. மின்னஞ்சல் அனுப்புபவர்களைத் திருப்பி அழைக்க வேண்டும். ஆனால் தபாலில் கடிதம் எழுதித் துண்டிக்கச் சொல்பவர்களை அழைக்கவே கூடாது. பயிற்சியின் முதல் நாளே டீச்சர் இதைச் சொல்லிவிடுவாள். போன் பண்ணுகிறவர்களுக்கு மனதின் ஓரத்தில் யாராவது தடுக்க மாட்டார்களா என்று இருக்கும். காகிதம் எடுத்து, எழுதி, உறை தேடி, ஒட்டி, தபால் நிலையத்தில் வரிசையில் நிற்கிறவர் ஏற்கெனவே போய்விட்டவர், அவரை அழைத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

வீட்டில் ஒழுங்கான காகிதம்கூட இல்லை. பேனாக்களில் ஒன்று எழுதவில்லை, இன்னொன்று பச்சை. கடைக்குப் போய் வாங்கி வந்து, மேசை மேல் கிடந்த துணிகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கடிதத்தில் ஒரு வசதி, யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அதுவே ஒரு கஷ்டமும்கூட, யாரும் குறுக்கே பேசாததால் நாம் சொல்வது சரியா தப்பா என்று நமக்கே தெரிவதில்லை. குற்றம் சொல்லும் வரிகளை எழுதிக் கிழித்தாள். எத்தனை வருடம் கழித்து எடுத்துப் படித்தாலும் அப்படியே நிற்குமே என்று பயம். காரணங்களையும் எடுத்துவிட்டாள், காரணம் கொடுத்தால் அதைச் சரிசெய்து தருகிறேன் என்பான். கடைசியில் ஒரு பக்கம்தான் மிஞ்சியது. உன்னோடு இருந்தது எனக்குப் பிடித்திருந்தது, நான் போகிறேன், பதில் எழுத வேண்டாம்.

உறை மேல் எழுதும்போதுதான் அவனுடைய வீட்டு எண் தனக்குத் தெரியாது என்று உறைத்தது. தெருமுனைவரைதான் போயிருக்கிறாள். வேறு வழியில்லாமல் ஒரு பார்சல் அனுப்ப வேண்டும் என்று அவனிடமே கேட்டாள். அவன் உடனே முகவரியை அனுப்பி, பின்னாலேயே ஒரு இதயமும் அனுப்பினான். டீச்சர் கொஞ்ச நேரம் உறையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பிறகு போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். சாதாரணத் தபால் என்றால் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று வாழ்நாள் முழுக்கச் சந்தேகம் இருக்கும், கையெழுத்துப் போட்டு வாங்கினால் ஒரு முடிவு.

வியாழக்கிழமை தபால் இணையதளத்தில் 'வழங்கப்பட்டது' என்று காட்டியது. டீச்சர் போனை மேசையின் நடுவில் வைத்துவிட்டுப் பெட்டி கட்டினாள். அவன் அழைத்தால் எடுக்கக் கூடாது, வாசலில் வந்து நின்றால் தங்கச்சி பேச வேண்டும், மெசேஜ் வந்தால் திறக்கக் கூடாது என்று எல்லா வாசலுக்கும் காவல் போட்டாயிற்று.

யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. அவன் ஆன்லைனில் இருந்தான், போனான், மறுபடி வந்தான், அவள் பெயர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை டீச்சருக்கு ஆத்திரமாக வந்தது. ஊரில் போகிற வருகிறவனையெல்லாம் கெஞ்சிக் கூத்தாடித் தடுத்து நிறுத்துகிறவன், தன்னை மட்டும் தடுக்கவில்லையே.

"நீ கேட்டது இதுதானக்கா?" என்றாள் தங்கச்சி.

ஆமாம், இதைத்தான் கேட்டாள். கிடைத்தும் விட்டது. அதுதான் தாங்கவில்லை. போனை எடுத்து அவளே அழைத்தாள்.

"லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஒண்ணுமே சொல்லலையே நீ."

அவன் கொஞ்சம் யோசித்தான். இது அந்தப் பழைய மௌனம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது, அவனுக்கு உண்மையிலேயே வார்த்தை வரவில்லை.

"போன்ல சொன்ன, நிறுத்துனேன். நேர்ல சொன்ன, அப்பவும் நிறுத்துனேன். ரெண்டு தடவையும் நான் நல்லா பேசுனதா நெனச்சு சந்தோஷப்பட்டேன்" என்றான். "இந்தத் தடவ போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் நடந்திருக்க. வழியில எங்கயுமே நீ திரும்பல. இனி நான் என்ன பேசுறது?"

"கல்யாணம் பண்ணிக்கலாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருப்பேன். நீயும் இருந்திருப்ப. அடுத்த வருஷமும் நான் இதே ஆளாதான் இருப்பேன், டீச்சர். அது எனக்கே தெரியும்."

ஐந்து வருடத்தில் அவன் அவளிடம் விற்காமல் சொன்ன முதல் வாக்கியம் அது. இவ்வளவு நேர்மையாக இவன் முன்பே ஒரு தடவை பேசியிருந்தால் இவனை விட்டே போயிருக்க மாட்டோமே என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவனிடம் சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஸ்டேஷனுக்கு வருவியா?"

"வந்தா நேர்ல ஆயிடும். வேணாம்."

"சரி."

"சரி."

அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. ஆனால் லைன் துண்டிக்கப்படவில்லை. அழைப்பை எடுத்தவர் முதலில் வைக்கக் கூடாது, அழைத்தவர்தான் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வேலையில் எழுதாத சட்டம். சொந்த அம்மா பேசினாலும்கூடப் பசை முதலில் வைத்ததில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் எங்கோ ஒரு குக்கர் சத்தம் கேட்டது. அவன் வைக்கப்போவதில்லை. கடிதத்தில் எழுதி, ஒட்டி, கையெழுத்து வாங்கி எல்லாம் முடித்தாயிற்று என்று நினைத்திருந்தாள். அதெல்லாம் இல்லை, போவது என்ற காரியத்தை அவள் இப்போதுதான் செய்ய வேண்டியிருந்தது.

கட்டை விரலால் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பிறகு கட்டி வைத்திருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.