வெள்ளையாக்கப்பட்ட பின்னணி

வாசகர்களே, ஓர் அநீதிக்குச் சாட்சியாக வாருங்கள். வார இதழின் படப்பிரிவிலிருந்து விலகும்போது, எனக்குப் பின் வருபவளுக்காக இரண்டு பக்கக் குறிப்பு எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். எடுத்த படங்கள் அப்படியே இருக்கும் 'மூலம்' ஃபோல்டரைத் தொடாமல் நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும்; அட்டைப்படத்துக்கான 'அட்டை' பிரீசெட்டைச் சொடுக்கினால் அது பின்னணியை வெள்ளையாக்கிவிடும் என்பது முதல் பக்கம். செய்திப் படத்தின் பின்னணியை ஒருபோதும் மாற்றக் கூடாது என்பது இரண்டாம் பக்கம்.

இந்த வார இதழைப் பிரித்தேன். ஆலைக் கழிவுநீரில் கை வெந்த சலவைத் தொழிலாளி, வெள்ளைத் திரைமுன் மாப்பிள்ளைபோல் நிற்கிறார். பின்னால் நுரை கக்கிய ஆலைக் குழாயைக் காணோம்.

புதியவளை போனில் பிடித்தேன்.

"குறிப்பைப் படிக்கலையாம்மா?"

"ஒரு வரி விடாம படிச்சேன்க்கா. ஆசிரியர் ஒரே பக்கந்தானே குடுத்தாரு."

ஆசிரியரிடமே போய் நின்றேன்.

"பக்கம் பளிச்சுன்னு இருக்கட்டுமேம்மா. ஆலைக்காரர் நமக்கு வேண்டியவரு."

எங்களை நம்பி, வெந்த கையை நீட்டி நின்றவர் யாருக்கும் வேண்டாதவரா? ஆலைமீதான அவருடைய முறையீட்டுக்குப் படத்திலுள்ள அந்தக் குழாயைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

'மூலம்' ஃபோல்டரில் அந்தப் படம் இன்னும் முழுதாக இருக்கிறது. இன்றே இதழுக்கு எழுதுங்கள்: அதே பக்கத்தில், அதே அளவில், குழாயோடு அச்சிடச் சொல்லுங்கள்.