ஜால்ரா-1

"கையை எடுங்கண்ணா, ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க..."

"முதல்ல நீ கையை எடு! ஆஸ்பத்திரியில ஜனம் டோக்கனுக்கு..."

"ஒரே நிமிஷம்தான் கேக்கறேன். ஒரு த்ரெட் டம்ப் மட்டும்..."

"டம்பாவது வம்பாவது! இதை எழுதினவன் நானா, நீயா?"

"நீங்கதான். ஆனா ஏன் தொங்குதுன்னு உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியலையே!"

ஒரு விசைப்பலகையின் மேல் இரண்டு சகலைகளின் நான்கு கைகள் மல்லுக்கு நின்றன. பக்கத்து மேசைக்காரர்கள் திரையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவன் சின்னவன். வீட்டில் வழங்கிய அந்தப் பெயர்களே ஆபீஸிலும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

ஆஸ்பத்திரிகளில் டோக்கன் கொடுக்கும் ஜாவா மென்பொருள் அது. பெரியவர் பெற்று வளர்த்த பிள்ளை. சில வாரங்களாக அதற்கு ஒரு நோய். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று வாயடைத்து நின்றுவிடும். நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாகைத் திறந்தால் ஒரு பிழைகூட இருக்காது. கடைசி வரிவரை எல்லாம் சுகம், எல்லாம் சௌக்கியம். ஒவ்வொரு தடவையும் பெரியவர் விறுவிறுவென்று வந்து ரீஸ்டார்ட் செய்வார், பிள்ளை எழுந்து ஓடும். "பார்த்தியா, என் கை பட்டாத்தான் எழும்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

"நீங்க ரீஸ்டார்ட் பண்ணும்போது தடயமும் சேர்ந்து போயிடுதுண்ணா" என்றான் சின்னவன். "தொங்கும்போதே எடுத்தாத்தான் உள்ள வேலை பார்க்கற எந்த த்ரெட் எந்த வரியில நிக்குதுன்னு தெரியும்."

"எனக்குப் பாடம் எடுக்கறியா சகல?"

இந்த வேலையை இவனுக்கு வாங்கிக் கொடுத்ததே பெரியவர்தான். மாமனார் கேட்டுக்கொண்டார், இவரும் பெரிய மனது பண்ணினார். வந்த கையோடு என்ன ஆயிற்று? "சின்ன மாப்பிள்ளை இருக்காரே, தங்கம்" என்று மாமனார் ஆரம்பித்தால் வாய் மூடுவதில்லை. இங்கே ஆபீஸில் மேலதிகாரி மேடமும் அதே பாட்டு. போதாக்குறைக்குப் பெரியவரின் சொந்த மனைவியே, "அவர் எவ்வளவு பொறுமையாப் பேசறார் பாருங்க" என்கிறாள். பொறுமையாம்! மீட்டிங்கில் மேடம் வாயைத் திறக்கும் முன்பே "ஆமா மேடம், சரி மேடம்" என்று தலையாட்டுகிறவனுக்குப் பெயர் பொறுமையா?

"என்ன சத்தம்?" மேடம் வந்து நின்றாள்.

"உடனே எழுப்பிடலாம் மேடம். இவன்தான் விடமாட்டேங்கறான்."

"எழுப்பினா நாளைக்கு மறுபடி படுக்கும். அவர் கேக்கறதை எடுக்கட்டும். எவ்வளவு நேரம் ஆகும்?"

"சட்டுனு முடிஞ்சிடும் மேடம். ஓடற ஒவ்வொரு த்ரெட்டையும் அது பேரோட அப்படியே எழுதிக் கொடுத்துடும்."

பெரியவரின் காதில் அந்த ஒரு சொல் மட்டும் தங்கியது. பேரோட.

எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதியை அவர் எழுதிய அன்று மேடம் சின்னவனை எல்லார் முன்னிலும் புகழ்ந்திருந்தாள். வெந்துகொண்டே வந்து உட்கார்ந்தவர், த்ரெட்டுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டிய இடத்தில் 'ஜால்ரா' என்று தட்டினார்; பின்னால் வரும் நம்பரை மென்பொருளே ஒட்டிக்கொள்ளும். தட்டிவிட்டுத் தனியாகச் சிரித்தும் கொண்டார். யார் பார்க்கப் போகிறார்கள்? லாகில் த்ரெட் பெயர் அச்சாவதில்லை. தொங்கினால் ரீஸ்டார்ட். டம்ப் எடுக்கும் வழக்கமே இந்த ஆபீஸில் இல்லை, இந்த மகானுபாவன் இன்று கிளப்பும் வரை.

"நீ கேட்டது ஒரே ஒரு டம்ப்தானே?" என்றார் பெரியவர்.

"மூணு எடுக்கறேன்ணா, கொஞ்சம் இடைவெளி விட்டு. ஒண்ணை மட்டும் பார்த்தா மாட்டிக்கிட்டு நிக்குதா, போற வழியில இருக்கான்னு சொல்ல முடியாது."

மூன்றும் வந்தன. பெரியவர் முந்திக்கொண்டார். "பாரு, டெட்லாக் எதுவும் காட்டல. விடு, ரீஸ்டார்ட் பண்ணிடலாம்."

"டெட்லாக்னா ஒருத்தன் பூட்டை இன்னொருத்தன் கேட்டு, அவன் பூட்டை இவன் கேட்டு நிக்கணும். இங்க அப்படி இல்லையே. டோக்கன் கேக்கற த்ரெட் அத்தனையும் பிளாக்டுன்னு நகர முடியாம கிடக்கு, எல்லாம் டோக்கன் பதிவோட ஒரே பூட்டுக்கு. வரிசையில நிக்கறவங்களை எண்ணி என்ன பண்ண? உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டவன் யாருன்னு பார்க்கணும்."

அந்தப் பூட்டின் முகவரியை நகலெடுத்து, அதைப் பிடித்திருக்கும் த்ரெட்டைத் தேடினான். திரை துள்ளிப்போய் ஒரு பத்தியில் நின்றது. அதன் தலையில், மேற்கோள் குறிக்குள், கொட்டை கொட்டையாக: ஜால்ரா-1.

சின்னவனின் விரல் நின்றது. ஆபீஸ் முழுக்க இவனுக்கு யார் என்ன பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? கேன்டீனில் அதைப் பரப்பியவரே பெரியவர்தான்.

"யாரு பிடிச்சு வெச்சிருக்கறது?" மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

சின்னவன் திரையை ஒரே ஒரு வரி மேலே தள்ளினான். பெயர் மறைந்தது. கீழே இருந்தவை மட்டும் நின்றன.

"எஸ்எம்எஸ் அனுப்பற த்ரெட், மேடம்."

பெரியவருக்கு உயிர் வந்தது. வந்த உயிர் அப்படியே பற்றியும் எரிந்தது. அவன் உரக்கப் படித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இப்படிக் காப்பாற்றிவிட்டானே படுபாவி! இதிலும் இவனே தங்கம்.

"அது ரன்னபிள்னு போட்டிருக்கே. ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" என்றார், விடாமல்.

"நெட்வொர்க்ல பதிலுக்குக் காத்திருந்தாலும் அப்படித்தான் காட்டும்ணா. மூணு டம்பையும் பாருங்க. மூணுலயும் அதே வரி. சாக்கெட்ல பதிலைப் படிக்கறேன் படிக்கறேன்னு அங்கேயே நிக்குது."

பெரியவர் குனிந்தார். தான் எழுதிய வரிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. கோபம் ஒரு பக்கம் இருக்க, பழகிய கண் தானாக வாசித்தது. டோக்கன் பதிவின் பூட்டைப் பிடித்தபடி, அதற்குள்ளிருந்தே எஸ்எம்எஸ் கம்பெனிக்குப் பேசப் போயிருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை திரும்பி வரவில்லை.

"இத்தனை நொடிக்கு மேல காத்திருக்காதேன்னு ஒரு டைம்அவுட் வெக்கல" என்றார், தனக்கே கேட்காத குரலில். "அவன் பதில் சொல்ற வரைக்கும் இது காத்துக்கிட்டே இருக்கும். இது பூட்டை விடாது. பிழைன்னு ஒண்ணு வந்தாத்தானே லாகுல எழுத? வெறுமனே காத்திருக்கறதை எவன் எழுதுவான்?"

"அப்போ என்ன பண்ணணும்?" என்றாள் மேடம்.

"டைம்அவுட் வெக்கணும். எஸ்எம்எஸ்ஸைப் பூட்டுக்கு வெளியில கொண்டுபோய் அனுப்பணும். இன்னைக்கே மாத்திடறேன். இப்போதைக்கு..."

"இப்போ ரீஸ்டார்ட் பண்ணுங்கண்ணா" என்றான் சின்னவன். "எடுக்க வேண்டியதை எடுத்தாச்சு."

பெரியவர் தட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து டோக்கன் வருகிறதென்று தகவல் வந்தது. மேடம் முகத்தில் சிரிப்பு.

"கடைசியில யாரு கண்டுபிடிச்சது?"

"அண்ணாதான் மேடம். டைம்அவுட் இல்லேங்கறதை அவர்தான் பிடிச்சார்."

"நல்லது. ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்ந்தா நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மேடம் அறைக்குப் போய்விட்டாள்.

பாராட்டு பெரியவரின் மடியில் விழுந்தது. கொதிக்கும் பாத்திரத்தை வெறும் கையால் வாங்கியதுபோல் இருந்தது. இன்று மாலை மாமனார் வீட்டில் இவன் வாயைத் திறந்தால்? திறக்க மாட்டான். அதுதான் இன்னும் கொடுமை. அவர் நிரலைத் திறந்து, அந்தப் பெயர் இருந்த வரியைத் தேடிப் பிடித்து, அவசர அவசரமாக அழிக்க ஆரம்பித்தார்.

பின்னால் நாற்காலி உருளும் சத்தம். சின்னவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். அதில் கோபம் இருந்ததாகவும் தெரியவில்லை, இல்லாததாகவும் தெரியவில்லை.

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்கண்ணா. ஒண்ணாம் நம்பர் நான், அது எனக்குப் புரியுது. டம்ப்ல ஜால்ரா-2ன்னு இன்னொருத்தன், வேலையே இல்லாம, எப்போ கூப்பிடுவாங்கன்னு பார்த்துக்கிட்டு நிக்கறானே... அது யாருண்ணா?"