ஐம்பதில் ஒருத்தி

"கேக்குதா? நான் பேசறது கேக்குதா?"

டீச்சர் ஒரு நாளைக்கு அதிகம் சொன்ன வார்த்தை இதுதான். திரையில் பதினோரு பிள்ளைகள், பதினோரு கட்டங்கள். அதில் நாலு பேர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார்கள். ஒருத்தன் கொட்டாவியின் நடுவிலேயே நின்றுவிட்டான். பலகையில் எழுதிய சமன்பாட்டின் இடது பக்கம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வலது பக்கம் வழியிலேயே தங்கிவிட்டது.

அன்று வகுப்பு முடிந்ததும் டியூஷன் சென்டர் மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. "டீச்சர், மூணு பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட். அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதிக்குள்ள லைன் சரியாகலேன்னா இந்த பேட்ச்சை வேற ஆளுக்குக் கொடுக்க வேண்டி வரும். தப்பா எடுத்துக்காதீங்க." எப்படி எடுத்துக்கொள்வதாம்? இரண்டு வருடமாக, பின்னம் என்றால் காய்ச்சல் வரும் பிள்ளைகளை இயற்கணிதம் வரை இழுத்து வந்திருந்தாள். அவளிடம் இருந்தது இந்த ஒரே ஒரு பேட்ச். அதைப் பிடுங்கி இன்னொருத்தர் கையில் கொடுப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"வேற கம்பெனிக்கு மாறிட்டா போச்சு," என்றார் வீட்டுக்காரர். எதற்கும் அவரிடம் ஒரு "போச்சு" உண்டு. கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்குப் பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி மாட்டிவிட்ட புண்ணியவான். எட்டு மாதம் முன்னால் இந்த பிராட்பேண்ட் ஒப்பந்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். "நூறு எம்பிபிஎஸ், இன்ஸ்டலேஷன் ஃப்ரீ" என்ற கொட்டை எழுத்து அவருக்குப் போதுமானதாக இருந்தது.

டீச்சர் அவருடைய கடைப் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். நிபந்தனைகள் ஏழு பக்கம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

இன்ஸ்டலேஷன் இலவசம்தான், இருபத்துநாலு மாதம் கூடவே இருந்தால். நடுவில் போனால் முழுக் கட்டணமும் திரும்ப வசூலிக்கப்படும். அதோடு வெளியேறும் கட்டணம், மிச்சமிருக்கும் மாதங்களின் வாடகையில் பாதி. பதினாறு மாதம் மிச்சம். பேட்ச்சில் அரை வருடம் வரும் சம்பளம் அதற்கே போய்விடும்.

"வேகம் 'நூறு வரை'. அந்த 'வரை'யைப் பாத்தீங்களா?"

"வரைன்னா வரும்தானே?"

அவள் பக்கத்தைப் புரட்டினாள். ஆறாவது பக்கத்தில் வேறொன்று அவளைப் பிடித்து நிறுத்தியது. பகிர்வு விகிதம் 1:50. அதாவது ஒரே கொள்ளளவை ஐம்பது இணைப்புகள் வரை பங்கு போட்டுக்கொள்ளும். தெருமுனையில் கம்பெனி வைத்திருக்கும் இணைப்புப் பெட்டிக்கு வருவது ஒரு குழாய்த் தண்ணீர் என்றால், குடம் ஐம்பது. எல்லாரும் ஒரே நேரத்தில் குடத்தை நீட்டினால் சொட்டுதான்.

கணக்கு டீச்சருக்கு இதை விளக்கவா வேண்டும்? முதல் இரண்டு மாதம் நெட் பறந்தது. அப்போது பெட்டியில் ஆளே இல்லை. "ஒருத்தரைச் சேர்த்துவிட்டால் ஒரு மாதம் இலவசம்" என்றார்கள். இவள் சும்மா இருந்தாளா? மாடிப்படி ஏறி இறங்கி, இந்தக் கட்டடத்திலேயே ஒன்பது வீட்டைச் சேர்த்துவிட்டாள். ஒன்பது குடம்! மாலை ஏழு மணிக்கு ஒன்பது வீட்டிலும் படம், சீரியல், விளையாட்டு, வீடியோ கால். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவள் அதற்கு ஆள் வேறு பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

கோபத்தில் பக்கத்தைத் திருப்பியபோதுதான் பதினான்காவது நிபந்தனை கண்ணில் பட்டது. மாலை ஏழிலிருந்து பத்துக்குள், ரூட்டரில் கம்பி நேராகச் செருகிச் சோதித்து, தொடர்ந்து ஐந்து நாள் சொன்ன வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லையென்றால், கட்டணம் ஏதும் இல்லாமல் விலகலாம். கம்பெனியின் சோதனைப் பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முதலில் எடுத்தது மட்டுமே செல்லும்.

மறுநாளே கம்பி வாங்கி வந்தாள். இருபத்திரண்டாம் தேதி பதினொன்று. அடுத்த நாள் ஒன்பது. அதற்கடுத்த மூன்று நாளும் அச்சடித்தாற்போல் இரண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக நெட் நத்தையாக நகர்வதைப் பார்த்து அவளுக்கு வயிறு குளிர்ந்தது. வகுப்பை அந்த நாட்களில் போன் டேட்டாவில் ஒப்பேற்றினாள்.

ஆறாம் நாள் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டாள். இருபது நிமிடம் இசை கேட்டபின் ஒரு பெண் வந்தாள்.

"மேடம், உங்க டெஸ்ட்ல முதல் ரெண்டு நாள்தான் செல்லும். இருபத்திநாலாம் தேதி நீங்க ஐந்நூறு ஜிபியைத் தாண்டிட்டீங்க. நியாயப் பயன்பாட்டு வரம்பு தாண்டினா ஒண்ணாம் தேதி வரைக்கும் ரெண்டு எம்பிபிஎஸ்தான் வரும். அது பிளான்படி சரி, மேடம்."

"ஐந்நூறா? நாங்க ரெண்டே பேர்! அவர் கடையிலேயே இருக்காரு. நான் ஒன்றரை மணி நேரம் கிளாஸ் எடுக்கறேன்."

"ஏத்தற டேட்டாவும் கணக்குல வரும், மேடம். உங்க லைன்ல ராத்திரி பகல் எந்நேரமும் ஏதோ ஏறிட்டே இருக்கு."

போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வாசல் கதவுக்கு மேலே ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கியது. ஒரு ஜோடி செருப்பு காணாமல் போனபின் வீட்டுக்காரர் மாட்டிய கேமரா. செருப்பு ஸ்டாண்டை இருபத்துநாலு மணி நேரமும் துல்லியமாகப் படம் பிடித்து எங்கோ ஒரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு இருபது ஜிபி செருப்பு.

"திருடன் வந்தா தெரியணும்ல," என்றார் அவர் அன்று மாலை, குரலே வராமல்.

"திருடன் வந்து இந்தக் கேமராவைத் திருடிட்டுப் போயிருந்தா அவனுக்குக் கோயில் கட்டியிருப்பேன்!"

அவள் நாற்காலி போட்டு ஏறி, தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினாள்.

ஒன்றாம் தேதி கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அன்று எட்டு. இரண்டாம் தேதி பன்னிரண்டு. மூன்றாம் தேதி ஏழு. நான்காம் தேதி பத்து. ஒவ்வொரு நாளும் ஏழே காலுக்குச் சோதனை, படம் எடுத்துப் பத்திரம், ஏழரைக்குப் போன் டேட்டாவில் வகுப்பு. பக்கத்து வீடுகளில் "சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு" என்று யாராவது அலுத்துக்கொள்வது கேட்டால் உள்ளுக்குள் ஒரு துள்ளல். இன்னும் ஒரே ஒரு நாள். புதிய கம்பெனிக்காரன் மூன்று நாளில் லைன் தருவதாகச் சொல்லியிருந்தான். கட்டடத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சேர்த்துவிட்டவளே கழன்றுகொள்கிறாள் என்று தெரிந்தால் படியில் எப்படி ஏறி இறங்குவது?

ஐந்தாம் தேதி ஏழே கால். கம்பியைச் செருகினாள். பொத்தானை அழுத்தினாள். முள் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. தொண்ணூற்று நான்கில் நின்றது.

அவள் திரையையே பார்த்தாள். கம்பியைப் பிடுங்கிச் செருகினாள், மறுபடி எடுத்தாள், தொண்ணூற்றாறு. எத்தனை முறை எடுத்தாலும் முதலாவதுதான் செல்லும். தலையை மேஜையில் வைத்துக்கொண்டு அழுதாள். நெட் வேகமாக வந்ததற்கு அழுத முதல் மனுஷி அவளாகத்தான் இருப்பாள்.

வகுப்பு கண்ணாடி மாதிரி போனது. கொட்டாவிக்காரன் முழுக் கொட்டாவியும் விட்டு முடித்தான்.

ஒன்பது மணிக்கு வாசலில் மாடி வீட்டு அக்கா, இவள் சேர்த்துவிட்ட ஒன்பதில் ஒருத்தி. முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படிம்மா ஓடிச்சு?"

"என்னது?"

"கிளாஸ்தான். மாசக்கணக்கா 'கேக்குதா, கேக்குதா'ன்னு நீ கத்தறது மேல வரைக்கும் வருது. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. இன்னிக்கு ஒவ்வொரு வீடா போயி சொல்லிட்டேன். ஏழுலேர்ந்து ஒம்பது வரைக்கும் யாரும் நெட்டைத் தொடக் கூடாது, டீச்சரம்மா பொழப்புன்னேன். ஒருத்தர் மறுக்கல, தெரியுமா?"

டீச்சருக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "நல்லா ஓடிச்சுக்கா, ரொம்ப நன்றி," என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் ஆறாம் தேதியிலிருந்து பத்தாம் தேதி வரை புதிதாக ஐந்து நாள் தேவை. அதற்கு இந்த நல்ல மனுஷி தினமும் நெட்டைப் போட்டுத்தான் ஆக வேண்டும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். சேர்த்துவிட்டதற்கு வாங்கிய இலவச மாதங்களையும் மறைக்கவில்லை.

 கேட்கக் கேட்க அக்காவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"ரெண்டு வாரமா என் பொண்ணு கூட ஒழுங்கா பேச முடியல. பேரன் பொறந்து பதினாறு நாள் ஆச்சு. அவன் மொகம் கட்டம் கட்டமாத்தான் தெரியுது. நேத்துகூட அழுதுட்டேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நேத்து அது சுத்திக்கிட்டே இருந்தப்ப, கீழ நீ சந்தோஷமா இருந்தியா?"

"ஆமாக்கா."

வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகியிருக்கும். டீச்சருக்கு அவமானமாக இருந்தது.

அக்கா எழுந்து மாடிக்குப் போனாள். போனது போனதுதான் என்று டீச்சர் நினைத்தாள். பத்து நிமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு திரும்பி வந்து மேஜையில் போட்டாள்.

"என்னுதுலயும் அந்தப் பதினாலு இருக்கா பாரு. எனக்குக் கண்ணு தெரியாது."

டீச்சர் பூதக்கண்ணாடியை எடுத்தாள். பகிர்வு விகிதம் அதே. வரம்பு அதே. வெளியேறும் கட்டணம் அதே. பதினான்காவது நிபந்தனையில் வேக விஷயமே இல்லை. விளம்பரச் செய்தி அனுப்புவது பற்றி ஏதோ இருந்தது. கடைசிப் பக்கத்தின் மூலையில் "திருத்திய பதிப்பு" என்று ஒரு தேதி. அக்கா சேர்வதற்கு ஒரு வாரம் முந்தைய தேதி. இவள் கூட்டி வந்த ஒன்பது பேரும் அதற்குப் பின்னால் சேர்ந்தவர்கள்தான். முதல் பக்கத்திலிருந்து இன்னொரு முறை படித்தாள். இல்லை. வெளியே போகும் கதவு அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

"இல்லக்கா," என்றாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "உங்களுக்கு எடுத்துட்டாங்க. என்னை நம்பி கையெழுத்துப் போட்டீங்க. நான் நீங்க கையெழுத்துப் போட்டதை ஒரு வரி படிச்சுப் பாக்கல. எனக்கு வேண்டாம்கா. நானும் இருந்துடறேன்."

"இருந்து?" அக்காவுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "இருந்து என்ன பண்ணப் போற? ஐம்பது பேருக்கு ஒரு கொழாய்னு இப்பதான சொன்ன? போ. நாளைலேர்ந்து ஏழு மணிக்கு எல்லாரையும் எல்லாத்தையும் போட்டுவிடச் சொல்றேன், நானும் போடறேன்." கவரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "நீ ஒருத்தி கழண்டா பேரனோட மூக்காவது தெரியுமான்னு பாக்கறேன்."