மதம் என்ற கட்டம்

அந்தத் தனியார் மருத்துவமனை பாறசாலையைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால் இருந்தது. ஸ்மிதா அங்கே பணியாளர் பிரிவு அதிகாரி. எண்பத்தாறு பேருடைய விடுமுறையும் வருகைப்பதிவும் அவள் பொறுப்பு.

சட்டப்படி எல்லாருக்கும் உள்ள விடுமுறைகள் தவிர, வருடத்துக்கு இரண்டு நாள் விருப்ப விடுமுறை கொடுக்கலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. விதியை எழுதியவள் ஸ்மிதா. "பணிப்பதிவேட்டில் உள்ள தங்கள் மதத்துக்குரிய பண்டிகைக்கு மட்டும்" என்ற வரி அவளுடையது. இல்லாவிட்டால் எல்லாரும் கிறிஸ்துமஸை ஒட்டியே விடுமுறை கேட்பார்கள், வார்டு காலியாகிவிடும் என்று நினைத்தாள். ஒளிவுமறைவு கூடாது என்று, அனுமதித்த பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் விதி வைத்தாள். எந்த மதத்துக்காரருக்கும் இரண்டே நாள். அதைவிட நியாயமாக என்ன எழுதிவிட முடியும்?

மார்ச் முதல் வாரம் விமலகுமாரி விண்ணப்பத்தோடு வந்தாள். பெண்கள் வார்டு உதவியாளர், பக்கத்துக் காரோடு ஊர்க்காரி. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று விடுமுறை கேட்டிருந்தாள்.

"சேச்சி, உங்க பைல்ல இந்துன்னு இருக்கே."

"பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டுல அப்பிடித்தான் மேடம். வீட்டுக்காரரு செத்தப்பெறவு ரெண்டு வருசமா நான் சபைக்குப் போறது உண்டு. அன்னைக்கு சபையில திருவிருந்து எடுக்கணும், அதாக்கும்."

"அப்போ ஒரு லெட்டர் எழுதித் தாருங்க. பைல்ல சேத்துட்டா குழப்பம் இல்ல."

"லெட்டரு வேணுமா மேடம்?"

"சும்மா ஒரு வரி. எனக்கு ரூல் இருக்குல்ல."

'நான் கிறிஸ்தவ விசுவாசத்தில் இருக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விடுமுறை கிடைத்தது. பட்டியலில் பெயர், மதம், நாள் என்று மூன்று கட்டங்கள். கணினி தந்தபடியே ஸ்மிதா அச்செடுத்து ஒட்டினாள்.

யாரோ அதைப் படம் பிடித்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மே மாதம் விமலகுமாரியின் மகள் ஆதிராவுக்கு நெய்யாற்றின்கரை தாசில்தார் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பட்டியல் சாதிச் சான்றிதழில் நர்சிங் படிக்கிற பெண். தாய் கிறிஸ்தவ மதத்துக்கு மாறியதாகப் புகார்; மாறியவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. சான்றிதழ் செல்லுமா என்று விசாரிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை கல்லூரியில் சலுகை நிறுத்தம். புகாரோடு பட்டியலின் படமும் இணைக்கப்பட்டிருந்தது.

விமலகுமாரி கொண்டுவந்து காட்டிய நோட்டீஸை ஸ்மிதா இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து போய் பலகையில் இருந்த தாளைக் கிழித்தாள். அதனால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தேதான் கிழித்தாள்.

மேலாளர் ராபின்சனிடம் போனாள். அவர் பழைய மிஷன் சபைக் குடும்பத்தவர்.

"சார், அந்த வரிய எடுக்கணும். என்ன பண்டிகைன்னும் கேக்கக்கூடாது, என்ன மதம்ன்னும் கேக்கக்கூடாது. ரெண்டு நாள், அவங்க இஷ்டம்."

"எல்லாரும் ஒரே நாள் கேட்டா?"

"ஒரு வார்டுல ஒரு நாளைக்கு இத்தன பேருன்னு வைப்போம். முதல்ல கேட்டவங்களுக்கு முதல்ல. போன தடவ கிடைக்காதவங்களுக்கு அடுத்த தடவ முன்னுரிமை. பட்டியல் ஒட்டவே வேண்டாம்."

ராபின்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எந்த சர்ச்சுக்குப் போறேன்னு என்கிட்ட யாரும் கேட்டதில்ல ஸ்மிதா. அதனால எனக்கும் தோணல. நீ எழுதிக் கொண்டா."

குழு அதை ஏற்க ஆகஸ்ட் ஆனது. அதற்குள் விசாரணை நாள் வந்துவிட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் ஸ்மிதா வார்டுக்குப் போய் விமலகுமாரியை ஓரமாக அழைத்தாள். "லெட்டர் எழுதச் சொன்னது நான்னு நானே வந்து சொல்லுறேன் சேச்சி."

"நீங்க கேட்டிய, நான் எழுதினேன். எழுதினது பொய்யில்லியே மேடம்."

"பின்ன என்ன சொல்லப் போறீங்க?"

"எனக்க மவளுக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு உண்டு."

மறுநாள் தாசில்தார் அலுவலகத்தில் ஸ்மிதா பக்கத்தில் நின்றாள். விடுமுறை கிடைப்பதற்காக மட்டுமே அப்படி எழுதியதாகவும், தான் இந்து என்றும், எந்தச் சபையிலும் தான் சேரவில்லை என்றும் விமலகுமாரி வாக்குமூலம் கொடுத்தாள். எழுத்தர் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள். ஞானஸ்நானம் எடுத்ததாக எந்தப் பதிவும் கிடைக்காததால் புகார் தள்ளுபடியானது. ஆதிரா வகுப்புக்குத் திரும்பினாள்.

விமலகுமாரி அதன்பின் சபைக்குப் போகவில்லை. யாராவது பார்த்தால் மறுபடி புகார் வரும் என்ற பயம். சபையின் பாட்டுச் சத்தம் வீடுவரை கேட்கும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் காலை டூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டுக்கான விருப்ப விடுமுறைப் படிவத்தில் பெயரும் தேதியும் மட்டுமே இருந்தன. ஸ்மிதா ஒன்றை அவளிடம் நீட்டினாள்.

"இப்போ ஒண்ணும் எழுத வேண்டாம் சேச்சி. தேதி மட்டும் போதும்."

விமலகுமாரி படிவத்தை வாங்கிப் பார்த்தாள். ஓணத்துக்கு அடுத்த நாளைக் குறித்தாள். "மவளுக்கு அப்போ லீவு உண்டு" என்றாள். இன்னொரு தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.