தொட்டிக்குள் வானம்

நிஷாந்தினி டீச்சர் படித்தது வணிகம், படிப்பிப்பது விஞ்ஞானம். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களை அறிந்தவர் எவரும் அது எப்படி என்று கேட்கமாட்டார். வணிகத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள், விஞ்ஞானத்துக்கு ஒருவரும் இல்லை. அதிபர் கபிரியேல் சேர் இரண்டு பேரில் இளையவரைக் கூப்பிட்டு, "ஒரு தவணைக்குத்தான் டீச்சர், எப்படியாவது சமாளிங்க" என்றார். மூன்று நான்கு மாதமென்ற அந்த ஒரு தவணை இரண்டு வருஷமாக நீண்டுவிட்டது.

முதலில் அழுகைதான் வந்தது. பிறகு என்ன மாயமோ, அந்தப் பாடம் அவளைப் பிடித்துக்கொண்டது. காந்தத்தையும் கண்ணாடி வில்லையையும் கையில் எடுத்தால் பஸ்ஸைத் தவறவிடுகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டது. இனி வணிகத்துக்குத் திரும்பிப் போ என்று யாராவது சொன்னால் நெஞ்சே வெடித்துவிடும்.

அப்படிச் சொல்லக்கூடிய ஒருவர்தான் வியாழக்கிழமை வருவதாக இருந்தார். ஆசிரிய ஆலோசகர் நபீல் சேர். தரம் பத்தின் பாடத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். திருப்தி என்றால் விஞ்ஞானம் நிஷாந்தினியிடமே இருக்கும். இல்லையென்றால் வத்தேகமயிலிருந்து வேறொருவர் கிழமையில் இரண்டு நாள் வந்து போவார். அதிபர் இதை ஒளிக்காமல் சொன்னார், அது அவருடைய நல்ல குணம்.

பயந்தவள் என்ன செய்வாள்? பாடத்தை நாடகமாக்கினாள். 'வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது' என்று ஆசிரியருக்கும் மாணவிக்கும் ஓர் உரையாடலை எழுதி, மாணவி வேஷத்துக்கு சிந்துஜாவைப் பிடித்தாள். வகுப்பிலேயே ஓயாமல் கேள்வி கேட்கிற ஒரே வாய் அதுதான். அந்த வாயிலும் எழுதிக் கொடுத்த கேள்வியைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது என்று கிளிப்பிள்ளை மாதிரிப் பழக்கினாள்.

உரையாடலுக்கு நடுவில் ஒரு பரிசோதனையும் உண்டு. மீன் வளர்க்கிற கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை பால்மா. சாக்குகளால் ஜன்னலை மறைத்து, தொட்டியின் ஒரு முனையிலிருந்து டோர்ச் அடித்தால் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் லேசான நீலமாகத் தெரியும். எதிர் முனையில் நின்று வெளிச்சத்தையே பார்த்தால் அது மஞ்சளாகத் தெரியும். ஒத்திகையில் அந்த நீலத்தைப் பார்த்ததும் சிந்துஜாவின் வாய் கட்டுமீறியது.

"டீச்சர், அலைநீளம் குறைஞ்ச வெளிச்சம்தான் கூடுதலாச் சிதறும்னு எழுதியிருக்கீங்க. ஊதா நீலத்தவிட இன்னும் குறைவுதானே? அப்ப வானம் ஊதாவாத்தானே இருக்கணும்?"

நிஷாந்தினிக்குப் பதில் தெரியாது. "அது பரீட்சைக்கு வராதும்மா. எழுதினத மட்டும் கேளு" என்றாள். பிள்ளை தலையாட்டியது. அந்தத் தலையாட்டல் டீச்சருக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டுவிட்டாள்.

வியாழன் காலை தொட்டி தயாரானது. வகுப்பு மேசையில் அதை வைத்து, அளவாகப் பால்மா கலந்து, பால்மாப் பைக்கற்றையும் பக்கத்திலேயே வைத்துவிட்டு, நபீல் சேரை வரவேற்க நிஷாந்தினி வாசலுக்குப் போனாள். பிழை அங்கேதான் நடந்தது.

பெரியவர்கள் வரும் நாளில் தேநீர் ஊற்ற ஒரு தாய் வருவது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். அன்றைய முறை ரத்தினம்மாவுடையது. கதிரைகளைத் துடைக்க வகுப்புக்குள் வந்தவள் தொட்டியைப் பார்த்து, தேநீருக்குக் கரைத்து வைத்த பால் என்றே எடுத்துக்கொண்டாள். இவ்வளவு தண்ணீருக்கு இத்தனூண்டு பால்மாவா? வருகிறவர் என்ன நினைப்பார்? தொழிலாளர் லயத்து வீட்டில் விருந்தாளிக்குப் பாலில்லாத சாயத் தேத்தண்ணியை வேண்டுமானாலும் கொடுக்கலாம், தண்ணிப் பாலைக் கொடுத்தால் மானம் போய்விடும். டீச்சர்மாருக்குப் படிப்பு இருக்கிறது, கைதான் கஞ்சம் என்று நினைத்துக்கொண்டு, பைக்கற்றிலிருந்து தாராளமாக அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டுப் போனாள். அவள்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அன்பு அளவு பார்க்காது.

நபீல் சேர் குறுணாகல் பக்கம் வளர்ந்து அக்குறணையில் கல்யாணம் முடித்தவர். அதிகம் பேசமாட்டார். பின்வரிசையில் உட்கார்ந்து, "தொடங்குங்க டீச்சர்" என்றார். ஜன்னல்கள் மறைக்கப்பட்டன. சிந்துஜா எழுந்து நின்று, மேடைக் குரலில் தொடங்கினாள்.

"ஆசிரியரே, வானம் ஏன் நீல நிறமாகத் தோன்றுகிறது?"

"நல்ல கேள்வி, மாணவியே. சூரிய ஒளி வெள்ளையாகத் தோன்றினாலும் அதில் எல்லா நிறங்களும் உள்ளன. அவை வளிமண்டலத்துக்குள் வரும்போது காற்றின் மிகச் சிறிய மூலக்கூறுகளில் பட்டுச் சிதறுகின்றன."

"எல்லா நிறங்களும் ஒரேயளவாகச் சிதறுமா, ஆசிரியரே?"

"இல்லை. அலைநீளம் கூடிய சிவப்பு பெரும்பாலும் நேராகப் போய்விடும். அலைநீளம் குறைந்த நீலம் பல மடங்கு அதிகமாகச் சிதறும். அது வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் நம் கண்ணுக்கு வருகிறது. இதோ, கண்ணால் பாருங்கள்."

டோர்ச்சை அடித்தாள். தொட்டி வெள்ளைவெளேரென்று நின்றது. நீலத்தின் சாயல்கூட இல்லை. எதிர் முனைக்கு வெளிச்சமே வந்து சேரவில்லை.

எழுதி வைத்த அடுத்த வரி சிந்துஜாவுடையது. 'ஆகா, எவ்வளவு அழகான நீலம்!' என்று அவள் சொல்ல வேண்டும். வகுப்பு காத்திருந்தது. வரியைச் சொல்லித் தொலையேன், அடுத்த பகுதிக்குப் போய்விடலாம் என்று நிஷாந்தினியின் மனசு கெஞ்சியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிற புத்தி அது.

சிந்துஜா வாயைத் திறந்தாள், மூடினாள். பொய் சொல்ல வரவில்லை பிள்ளைக்கு. "டீச்சர், இது வெள்ளையா இருக்கே. ஏன்?" என்றாள்.

பின்வரிசையில் கதிரை லேசாகக் கிறீச்சிட்டது. நிஷாந்தினிக்கு ஒரு நொடி வணிக வகுப்பும் பேரேடும் கண்ணில் வந்து போயின. பிறகு என்ன தோன்றியதோ, டோர்ச்சைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியலம்மா. நேத்து நீலமாத்தான் இருந்துச்சு. என்ன மாறியிருக்குன்னு நீயே வந்து பாரு."

சிந்துஜா மேசைக்கு வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், பைக்கற்றைத் தூக்கிப் பார்த்தாள். "பால்மா கூடிப்போச்சு டீச்சர்."

"சரி, கூடிப்போச்சு. கூடினா ஏன் வெள்ளையாகணும்? நீலம் இன்னும் கடுமையாத்தானே ஆகணும்?"

இப்போது கேள்வி கேட்பது டீச்சர். பிள்ளை யோசித்தது. "கொஞ்சமா இருந்தா நீலம் ஒரு தடவ எதிலயாவது மோதி நம்ம கண்ணுக்கு வந்துரும். மத்த நெறம் போயிரும். நெறைய இருந்தா… செவப்பும் தப்பிச்சுப் போக முடியாதோ?"

"எதிலயாவது முட்டிக்கிட்டே இருக்கும்" என்றாள் நிஷாந்தினி மெதுவாக. சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே அது தெளிந்தது. "ஒரு தடவ இல்ல, திரும்பத் திரும்பச் சிதறும். கடைசியில எல்லா நெறமும் கலந்து வெளிய வரும். எல்லாம் கலந்தா வெள்ளை. சரியான்னு பார்க்க என்ன செய்யலாம்?"

"தண்ணியக் கூட்டுவோம் டீச்சர்."

வாளியைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைத் தண்ணீரை அதில் சாய்த்து, தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்தார்கள். பழையதில் ஒரு கரண்டி எடுத்து அதில் கலந்தாள் சிந்துஜா. டோர்ச்சை அடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கரண்டி. தண்ணீருக்குள் புகைபோல மெல்லிய நீலம் நீளமாக விழுந்தது. வகுப்பே மேசையைச் சுற்றி மொய்த்துக்கொண்டது. எதிர் முனையில் கண்ணை வைத்த ஜொனி, "இங்க மஞ்சளா இருக்குடா" என்று கத்தினான்.

"நீலமெல்லாம் வழியிலயே பக்கத்தால கழண்டு போச்சு, மிச்சம்தான் உனக்கு வருது" என்றாள் நிஷாந்தினி. "அந்தி நேரத்துல சூரியன் செவக்கிறது அதனாலதான். வெளிச்சம் சரிவா, ரொம்பத் தூரம் காத்துக்குள்ளால வருது."

சிந்துஜா ஜன்னல் சாக்கை ஒதுக்கி வெளியே பார்த்தாள். "டீச்சர், உச்சியில நல்ல நீலம். கீழ மலைப் பக்கம் வெளிறிக் கெடக்கு. அங்கயும் கூடுன பால்மாக் கதைதானா?"

நிஷாந்தினியும் போய்ப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற வானம், இதைக் கவனித்ததே இல்லை. "உச்சிய பார்த்தா காத்து கொஞ்சம்தான். ஓரத்த பார்த்தா நெறைய. அப்ப அங்க வெளிச்சம் பல தடவ சிதறித்தான் நம்மகிட்ட வரும். ஆமாம்மா, அதே கதைதான்."

"மூடுபனி? அதுவும் வெள்ளைதானே?"

"அது மட்டும் வேற" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நபீல் சேர் எப்போது எழுந்து வந்தாரோ, மேசையருகே நின்றார். "அது தண்ணித் துளி. காத்து மூலக்கூறு மாதிரிச் சின்னதில்ல, ரொம்பப் பெருசு. எல்லா நெறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சிதறடிக்கும்."

நிஷாந்தினிக்கு இனிப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. "சேர், இந்தப் புள்ள என்கிட்ட ஒரு கேள்வி கேட்டா. நான் வாய அடைச்சிட்டேன். ஊதாதானே இன்னும் கூடச் சிதறணும், பிறகு ஏன் வானம் ஊதாவா இல்ல? எனக்குத் தெரியாது. நீங்க சொல்வீங்களா?"

அவர் சிந்துஜாவைப் பார்த்துப் பதில் சொன்னார். "கூடத்தான் சிதறுது மகள். ஆனா சூரிய வெளிச்சத்துல ஊதா நீலத்தவிடக் குறைவு. அதிலயும் கொஞ்சம் மேலேயே உறிஞ்சப்படும். அதுக்கும் மேல, நம்ம கண்ணுக்கு ஊதா சரியாப் புடிபடாது. எல்லாம் சேர்ந்து வரும்போது கண் அத நீலம்னுதான் காணும்."

"அப்ப வானத்துல பாதி, நம்ம கண்ணு செய்யிற வேலையா?" என்றாள் சிந்துஜா. அவர் சிரித்துவிட்டார்.

மணியடிக்கும் நேரம். இரண்டு வருஷப் பழக்கத்தில் நிஷாந்தினி வகுப்பைப் பார்த்து, "எல்லாருக்கும் வெளங்குச்சா?" என்றாள். "வெளங்குச்சு டீச்சர்" என்று என்றும் போல ஒரே ராகத்தில் பதில் வந்தது.

சிந்துஜா மட்டும் உட்காரவில்லை. "டீச்சர், நீங்க இன்னைக்கித் தெரியாதுன்னு சொன்னீங்க. இனிமே நாங்களும் சொல்லலாமா?"

"என்ன சொல்லணும்?"

"அலைநீளம்னா என்னன்னு எனக்கு இன்னும் சரியா வெளங்கல. போன வருஷம் வெளங்கிச்சுன்னு சொல்லிட்டேன். நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு."

ஆலோசகர் பக்கத்தில் நிற்கிறார், இந்தப் பிள்ளை என்ன காரியம் செய்துவிட்டது. நிஷாந்தினி வகுப்பை முழுதாகப் பார்த்தாள். பாடம் எப்படியும் கையை விட்டுப் போகத்தான் போகிறது, உண்மையாவது தெரியட்டும் என்று நினைத்தாள். "வேற யாருக்கு வெளங்கல? பயப்படாம கையத் தூக்குங்க."

ஜொனி தூக்கினான். அவனுக்குப் பக்கத்தில் இருவர். பிறகு ஜன்னலோர வரிசை முழுவதும். கடைசியில் கீழே இருந்த கைகளைத் தேடவேண்டியிருந்தது. இரண்டு வருஷம் கேட்ட அத்தனை 'வெளங்குச்சு'களும் அவள் முன்னால் கைகளாக நின்றன.

அவள் நபீல் சேர் பக்கம் திரும்பினாள். "பார்த்துட்டீங்க சேர். வத்தேகமயில இருந்து எப்ப ஆள் வருவாங்க?"

அவர் அந்தக் கைகளை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"வேற ஆள் வந்தா இதுகள் திரும்பவும் வெளங்கிச்சுன்னுதான் சொல்லும், டீச்சர்" என்றார். "இவ்வளவு வேலைய மிச்சம் வெச்சிட்டு நீங்க எங்க போகப் போறீங்க?"