ஒரே பேர், ஒரே அரக்கு

தன் கடைக்கு நாலு பெயர் இருப்பது வீரபாகுவுக்கே தெரியாது. வாசல் பலகையில் 'வேதபுரி சில்க் சென்டர்'. பையில் 'வேதபுரி பட்டு மாளிகை'. பில்லில் 'வி.வி. சில்க் ஹவுஸ்'. போனை எடுத்தாலோ, "வீரபாகு கடை, யாரு?" என்று ஓர் அதட்டல். பலகையில் மயில், பையில் அன்னம், காலண்டரில் குத்துவிளக்கு. ஆரணியிலேயே அவருக்குப் பெரிய மனிதர் என்று பேர். அந்தப் பேராவது ஒன்றாக இருந்ததே, சந்தோஷம்.

இத்தனையையும் சேகரித்துக் கடை மெத்தையின்மேல் பரப்பிக் காட்டியவள் அவர் மகள் லாவண்யா. வேலூரில் பி.பி.ஏ. முடித்திருந்தாள்.

"இந்தப் பைய வெச்சிகினு ஒருத்தர் நம்ம கடைய தேடி வராருன்னு வெச்சிக்கோப்பா. போர்டப் பாத்துட்டு இது வேற கடைன்னு தாண்டிப் போயிடுவாரு."

"இத்தினி வருஷமா வந்துகினுதானே இருக்காங்க?"

"உன் மூஞ்சியப் பாத்து வராங்க. வேலூர்ல உன் மூஞ்சி யாருக்குத் தெரியும்?"

விஷயம் அதுதான். வேலூரில் இரண்டாவது கடை வைத்துத் தானே நடத்த வேண்டும் என்பது அவள் ஆசை. அண்ணன் ஹேமநாத்துக்கு அதே பணத்தில் பவர்லூம் வாங்க வேண்டும். வீரபாகு இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாத்தையும் ஒண்ணாக்கு. ஒரு கல்யாண பார்ட்டி உள்ள வந்து வெளிய போற வரைக்கும் நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன். திருப்தியா இருந்தா கடைக்கு அட்வான்ஸ் குடுக்கறேன். இல்லன்னா உங்கண்ணனுக்குத்தான்."

லாவண்யா வேலையில் இறங்கினாள். வாங்க வருகிறவர் போல பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்து, வழியில் கண்ணில் படுவதில் தொடங்கி, வீட்டுக்குக் கொண்டு போகும் பெட்டி வரை ஒன்று விடாமல் எழுதினாள். தெருமுனைத் தட்டி, வாசல் பலகை, புடவையில் தொங்கும் சீட்டு, பெட்டி, பை, விசிட்டிங் கார்டு, பில், போன் பேச்சு. பிறகு ஓர் அட்டை தயாரித்தாள். அதில் ஒரே பேர், வலப்பக்கம் பார்க்கும் ஒரே மயில், ஒரே அரக்கு நிறம், சுற்றி மெல்லிய கட்டம். எதை எடுத்தாலும் அந்த அட்டையோடு ஒத்துப் பார்ப்பாள். ஒத்துவராததைத் தள்ளுவாள்.

அரக்குதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. பெயின்டர் அடித்தது செங்கல் நிறம், பெட்டிக்காரர் கொண்டு வந்தது கத்திரிக்காய் நிறம். கேட்டால் இருவரும் அரக்கு என்றே சாதித்தார்கள். கடைசியில் ஓர் அரக்குப் பட்டுத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தாள். "பேரச் சொல்லாதீங்க. இதப் பக்கத்துல வெச்சிப் பாத்துட்டு அடிங்க."

பேச்சும் மாறியது. சுவரிலிருந்த 'கடன் கேட்டு மனத்தைப் புண்படுத்தாதீர்' கீழே இறங்கியது. 'விற்ற சரக்கு எக்காரணம் கொண்டும் வாபஸ் இல்லை' என்று பில்லில் முறைத்த வரி, 'குறை இருந்தால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்' என்று மரியாதை கற்றுக்கொண்டது. பில் போடும் எல்லப்பன், "வணக்கம், வேதபுரி சில்க் சென்டருங்க" என்று சொல்லிப் பழகி, தன் வீட்டுப் போனிலும் அதையே சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கல்யாண ஜவுளி பில்லின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்பது எல்லப்பனின் வழக்கம். புது பில்லில் மயில் மூலையில்தான் இருந்தது. மஞ்சள் பட்டால் மயில் காணாமல் போகும்.

"இனிமே மஞ்சள் வேணாம்ணா. மயிலு தெரியணும்."

எல்லப்பன் தலையைச் சொறிந்தார். பிறகு சரி என்றார்.

அந்த நாள் வந்தது. வேலூர் கடைக் கட்டிடத்தின் சொந்தக்காரர் தசரதன் அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளத் தயாராக ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தேசூரிலிருந்து லோகநாதனும் அவர் மனைவி விருத்தாம்பாளும் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார்கள். சொன்னபடி வீரபாகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

எல்லாம் நன்றாகவே நடந்தது. தெருமுனைத் தட்டியைப் பார்த்து நேராக வந்ததாக லோகநாதனே சொன்னார். முகூர்த்தப் புடவையை விருத்தாம்பாள் தோளில் போட்டுப் பார்த்து, அதைத் தோளிலிருந்து இறக்க மனமில்லாமல் நின்றாள். சீட்டு, பெட்டி, பை எல்லாம் ஒரே அரக்கு. வீரபாகு மெல்லத் தலையாட்டினார். வேலூர் கடையைச் சாவி போட்டுத் திறந்தாற்போல் இருந்தது லாவண்யாவுக்கு.

எல்லப்பன் அன்று காலையில்தான் அச்சகத்திலிருந்து வந்திருந்த பில் கட்டைப் பிரித்தார். எழுதினார். நீட்டினார்.

விருத்தாம்பாள் வாங்கிப் பார்த்ததும் கையை உதறினாள். காகிதம் தரையில் விழுந்தது.

"இன்னாங்க இது? கருமாதி காயிதமா?"

கறுப்பு மயில். கறுப்பு எழுத்து. சுற்றிலும் கறுப்புக் கட்டம். மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

லாவண்யாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அச்சகத்துக்காரர் சரிபார்க்க அனுப்பிய மாதிரித் தாள் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். பேர் சரி, மயில் சரி, கட்டம் சரி என்று பார்த்து அதில் கையெழுத்துப் போட்டது அவள். ஊரெல்லாம் பட்டுத் துண்டு கொடுத்தவள், அச்சகத்துக்கு மட்டும் கொடுக்க மறந்தாள். கையெழுத்துப் போட்ட தாள் எப்படி இருந்ததோ அப்படியே அவர் அடித்துக் கொடுத்துவிட்டார். மஞ்சளாவது காப்பாற்றியிருக்கும். அதையும் நிறுத்தியது அவளேதான்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாம், வாங்க போலாம்" என்று விருத்தாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பொண்ணு கழுத்துல தாலி ஏறப்போற நேரத்துல இப்பிடியா?"

லாவண்யா குறுக்கே போய் நின்றாள். "அம்மா, தப்பு என்னுதுங்க. கடையோடதும் இல்ல, புடவையோடதும் இல்ல. கொஞ்சம் உக்காருங்க." அவர்கள் எதிரிலேயே அந்தக் கட்டைத் தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோய்ப் போட்டாள். எல்லப்பனிடம் திரும்பினாள். "அண்ணா, வெள்ளப் பேப்பர்ல எழுதுங்க. மஞ்சள் வெச்சிக் குடுங்க."

எல்லப்பன் சாமி மாடத்திலிருந்து மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார். நாலு மூலையிலும் தாராளமாகத் தடவினார். விருத்தாம்பாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, புடவைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். போகும்போது லாவண்யாவின் கன்னத்தைத் தொட்டு, "பயந்துட்டேன் கண்ணு, மனசுல வெச்சிக்காத" என்றாள்.

அவர்கள் படியிறங்கியதும் லாவண்யா பெருமூச்சு விட்டாள். பிழைத்தோம் என்றே நினைத்தாள். வியாபாரம் கெடவில்லை, வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள், இன்னும் என்ன வேண்டும்?

வீரபாகு தசரதன் பக்கம் திரும்பினார். "இந்த வாட்டி வேணாங்க. வேற பார்ட்டிக்குக் குடுத்துருங்க."

"அப்பா! அவங்கதான் சந்தோஷமா வாங்கிகினு போயிட்டாங்களே!"

"போனாங்கமா. நான் இல்லன்னு சொல்லல." அவர் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "எல்லாத்துலயும் பேரு ஒண்ணா இருக்கணும்னு இத்தினி நாளு அவ்ளோ பாடுபட்டியே. அவங்க நம்பி வாங்கிகினு போன காயிதத்துல நம்ம பேரு எங்கமா இருந்துது?"

லாவண்யாவின் பார்வை எல்லப்பன் பக்கத்திலிருந்த வெள்ளைப் பேப்பர்மேல் போய் நின்றது. தசரதன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.